பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை: நடுவில் என்னதான் நடக்கிறது?

"பஸ் டிக்கெட்டுக்கு யுபிஐயில் 1,240 ரூபாய் போட்டேன், பணம் எடுத்தாச்சு என்று வங்கியிலிருந்து எஸ்எம்எஸ்ஸும் வந்துவிட்டது, ஆனால் டிக்கெட் பக்கத்தில் Payment failed என்கிறது. மறுபடி போடலாமா, காத்திருக்கணுமா, எத்தனை நாள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஜூன் 12, வெள்ளிக்கிழமை இரவு 9.40க்கு நடந்தது என்று தேதியும் நேரமும் கொடுத்திருந்ததால், அதையே வைத்துப் பார்ப்போம்.

யுபிஐ பின் எண்ணை அழுத்தியதும் நடப்பது உங்களுக்கே ஓரளவு தெரிந்திருக்கும். ஆப் உங்கள் கோரிக்கையை, யுபிஐயை நடத்தும் அமைப்பான என்பிசிஐயின் மையக் கணினிக்கு அனுப்புகிறது. அது உங்கள் வங்கியிடம் "1,240 எடு" என்கிறது, வங்கி எடுத்துவிட்டு "எடுத்தாச்சு" என்கிறது. அப்புறம் மையக் கணினி டிக்கெட் கம்பெனியின் வங்கியிடம் "1,240 வரவு வை" என்கிறது, அங்கிருந்து "வைத்தாச்சு" என்று பதில் வரவேண்டும். கடைசியாக இரண்டு பக்கத்துக்கும் முடிவு சொல்லப்படுகிறது. எல்லாம் சில வினாடிதான்.

சிக்கல் பெரும்பாலும் அந்த "வைத்தாச்சு" வராமல் போகும்போதுதான். எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்த இடமும் இதுதான்.

பழைய மணியார்டரை நினைத்துப் பாருங்கள். ஊரிலிருக்கும் அம்மாவுக்கு 500 ரூபாய் அனுப்புகிறீர்கள். தபால்காரர் பணத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி, அந்த ரசீதுத் துண்டைத் திருப்பி அனுப்புவார். துண்டு வரவில்லை என்று வையுங்கள். பணம் அம்மாவுக்குப் போய்ச் சேரவில்லையா, அல்லது சேர்ந்து, துண்டு மட்டும் வழியில் தொலைந்ததா? உங்கள் வாசலில் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அம்மாவிடம் ஆள் அனுப்பிக் கேட்கலாம், ஆனால் அந்த ஆளும் வழியில் மாட்டிக்கொண்டால் மறுபடி அதே நிலைதான். நம்பகமில்லாத பாதையில் எத்தனை முறை செய்தி அனுப்பினாலும், இரண்டு பக்கமும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டதாக நூறு சதவீதம் உறுதி செய்யவே முடியாது. கணினி அறிவியலில் இது நிரூபிக்கப்பட்ட விஷயம். இதை இரண்டு தளபதிகள் சிக்கல் என்பார்கள். எவ்வளவு வேகமான சர்வர் வாங்கி வைத்தாலும் இது அடியோடு மறையாது.

அதனால் என்பிசிஐ ஒரு எல்லை வைத்திருக்கிறது. 2025 ஜூன் வரை பதிலுக்கு 30 வினாடி காத்திருந்தது, அதன்பின் 15 வினாடி. அதற்குள் வரவு வைக்கவேண்டிய வங்கி பேசவில்லை என்றால், "தோல்வி" என்று அடித்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. அந்த வங்கி ஏற்கெனவே வரவு வைத்திருந்தால், உங்களுக்கும் பணத்தைத் திருப்பினால் ஒரே 1,240 இரண்டு கணக்கில் இருக்கும். எனவே பதில் வராத பரிவர்த்தனையை "போய்ச் சேர்ந்திருக்கும்" என்ற அனுமானத்திலேயே நிறுத்தி வைக்கிறார்கள். அப்புறம் வரவு வங்கி தன் கணக்கையும் என்பிசிஐ அனுப்பும் கோப்பையும் வரி வரியாக ஒத்துப்பார்த்து, "ஆம், வைத்தோம்" என்றோ "இல்லை, திருப்புகிறோம்" என்றோ சொல்ல வேண்டும். உங்கள் பணம் இத்தனை நேரம் எங்கோ அந்தரத்தில் தொங்கவில்லை. வங்கிகளுக்கிடையே யார் யாருக்குத் தரவேண்டும் என்ற கணக்கில் ஒரு வரியாக இருக்கிறது. போனை அணைத்துப் போடுவதும் ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுவதும் அந்த வரியைத் தொடவே தொடாது.

இன்னொரு பக்கம் டிக்கெட் தளத்துக்கென்று தனிக் கடிகாரம் ஓடுகிறது. சீட்டைச் சில நிமிடம்தான் பிடித்து வைக்கும். பணம் வந்த தகவல் அதற்குப் பின் வந்தால் ஆர்டர் ஏற்கெனவே செத்திருக்கும். ஆகவே டிக்கெட் பக்கம் "failed" என்பதை வைத்துப் பணத்தின் நிலையை முடிவு செய்யாதீர்கள். யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து பாருங்கள்.

அங்கே Failed என்று இருந்து பணமும் குறைந்திருந்தால் உங்கள் வங்கி திருப்ப வேண்டியது, பெரும்பாலும் அன்றைக்கே வந்துவிடும். Pending என்றால் மேலே சொன்ன ஒத்துப்பார்க்கும் வேலை நடக்கிறது. Success என்றால் கதை வேறு: பணம் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டது, இனி உங்கள் வங்கியிடம் மல்லுக்கட்டி லாபமில்லை, டிக்கெட் கம்பெனிதான் ரீஃபண்ட் தரவேண்டும், அது புதிய வரவாக வேறு எண்ணோடு வரும்.

மறுபடி போடலாமா என்றால், முதல் சில நிமிடம் வேண்டாம். Pending ஆக இருப்பது திடீரென Success ஆகி டிக்கெட்டும் வந்துவிடலாம், அப்போது இரண்டு டிக்கெட் கையில் இருக்கும். ஆர்டர் ரத்தானது டிக்கெட் தளத்திலேயே உறுதியாகத் தெரிந்து, சீட்டும் அவசரமாகத் தேவை என்றால் போடுங்கள், முதல் பணம் சில நாள் சிக்கியிருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டு.

இப்போது நாள் கணக்கு. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதிப்படி, ஒரு நபருக்கு அனுப்பிய பணம் சேரவில்லை என்றால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தி, கடைக்கு உறுதி கிடைக்கவில்லை என்றால் 5 நாள். இது காலண்டர் நாள், சனி ஞாயிறும் சேர்த்தி. நம் வாசகருக்கு ஜூன் 17, புதன் வரை. 18ஆம் தேதியிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் புகார் கொடுக்காமலே தானாகத் தரவேண்டும் என்பது விதி. தானாக வரும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம் என்பேன், கேளுங்கள். Success ஆன பரிவர்த்தனைக்கு இந்த 5 நாள் பொருந்தாது, அது கம்பெனியின் ரீஃபண்ட் விதியைப் பொறுத்தது.

என் வழக்கம்: இரண்டாம் நாளும் Pending என்றால் ஆப்பிலேயே அந்தப் பரிவர்த்தனைக்குள் போய்ப் புகார் பதிந்துவிடுவேன், பதிவு எண் கிடைக்கும் என்பதற்காக. ஆறாம் நாள் வங்கிக்கு எழுத்தில். வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

எந்த வங்கியின் கணினி எத்தனை சதவீதம் தடுமாறுகிறது என்பதை என்பிசிஐ மாதாமாதம் வெளியிடுகிறது. 2020 ஜனவரியிலிருந்து, வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போகும் யுபிஐ பணத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்க முடியாது, ஆனால் இந்த ஒத்துப்பார்க்கும் வேலைக்கு ஆளும் கணினியும் வேண்டும். யுபிஐக்காக அரசு வங்கிகளுக்குத் தரும் ஊக்கத்தொகையில் பெரும்பகுதியை அந்தத் தடுமாற்றச் சதவீதத்தோடு இறுக்கிக் கட்ட வேண்டும் என்பது என் கருத்து.

புகாரில் கட்டாயம் இருக்க வேண்டியது, ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் தெரியும் 12 இலக்க UTR எண். பெரும்பாலும் அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. நம் வாசகரின் எண் 6163 என்று தொடங்குகிறது: 2026, 163ஆவது நாள், அதாவது ஜூன் 12. வாடிக்கையாளர் சேவை என்று யாராவது கூப்பிட்டு, பணத்தைத் திருப்ப பின் எண்ணைப் போடச் சொன்னால் உடனே போனைத் துண்டித்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு பின் எண் தேவையே இல்லை.