நடுவில் மட்டும் உறுமும் சிலிண்டர்

"எண்ணெயை அமுக்க முடியாது என்றுதானே பள்ளியில் படித்தோம்? அப்புறம் எங்கள் ஹைட்ராலிக் டெஸ்டிங் மெஷின் ஏன் ஸ்பிரிங்கில் நிற்பது போல அதிர்கிறது? அதுவும் பிஸ்டன் நடுவில் இருக்கும்போது மட்டும்?" என்று ஒரு வாசகர் கேட்கிறார். எலுமிச்சம்பழம் கட்டியும் நிற்கவில்லையாம். பழத்தைச் சாறு பிழிந்து குடித்துவிட்டு, கணக்கைப் பார்ப்போம்.

எண்ணெயும் அமுங்கும், கொஞ்சமாக. கரைந்திராத காற்று, ஹோஸின் நெகிழ்வு இரண்டையும் சேர்த்து, அதன் பருமக் குணகத்தை 10,000 பார் என்று வைக்கலாம். அதாவது பருமனை 1% குறைக்க 100 பார் அழுத்தம் வேண்டும்.

பிஸ்டன் பரப்பு 20 சதுர செ.மீ., ஸ்ட்ரோக் 20 செ.மீ., இரண்டு பக்கமும் தண்டு. பிஸ்டன் நடுவில் இருந்தால் பக்கத்துக்கு 200 சி.சி. எண்ணெய். எண்ணெயை உள்ளே விடும் சர்வோ வால்வு மூடியிருக்கிறது. இப்போது பிஸ்டனை 0.1 மி.மீ. தள்ளுங்கள். ஒரு பக்கம் 0.2 சி.சி. அமுங்குகிறது, அதாவது 0.1%. அழுத்தம் 10 பார் ஏறுகிறது. மறுபக்கம் அதே 10 பார் இறங்குகிறது. இரண்டும் சேர்ந்து பிஸ்டனை 4,000 நியூட்டன் விசையோடு திருப்பித் தள்ளுகின்றன. ஏறக்குறைய 400 கிலோ எடை! தள்ளினால் திருப்பித் தள்ளுவதுதானே ஸ்பிரிங்? பரப்பு இதில் இரண்டு முறை வேலை செய்கிறது: ஒருமுறை எண்ணெயை அமுக்க, இன்னொருமுறை அழுத்தத்தை விசையாக்க. சூத்திரத்தில் A² வருவது அதனால்தான். அதில் k ஸ்பிரிங்கின் விறைப்பு, β பருமக் குணகம், A பரப்பு, V1, V2 இரண்டு பக்க எண்ணெயின் பருமன், m சுமை, ω கோண அதிர்வெண்.

```
k = β A² (1/V1 + 1/V2)
ω = √(k/m)
```

இந்த ஸ்பிரிங்கில் 400 கிலோ சுமையை மாட்டினால் ω = 316 ரேடியன்/வினாடி, சுமார் 50 ஹெர்ட்ஸ். பிஸ்டன் ஒரு முனையிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் இருந்தால்? அங்கே 100 சி.சி.தான். அதே நகர்வுக்கு அந்தப் பக்கம் 20 பார் ஏறும், 300 சி.சி. பக்கம் சுமார் 7 பார் இறங்கும். மொத்தம் 20 பாராக இருந்தது 27 ஆகிறது. அதிர்வெண்ணும் 58 ஹெர்ட்ஸுக்கு ஏறுகிறது. நடுவில்தான் ஸ்பிரிங் மிகத் தளர்வு.

சரி, உறுமல் எங்கிருந்து? வால்வின் திறப்பு வேகத்தைத் தீர்மானிக்கிறது, வேகம் சேர்ந்துதான் இடம் ஆகிறது. பிஸ்டன் இருக்கும் இடத்தை அளந்து, வேண்டிய இடத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதற்கேற்ப வால்வைத் திறப்பதுதான் கட்டுப்பாட்டு வளையம். விலகலுக்கு அது எவ்வளவு வேகத்தில் பதில் சொல்கிறது என்பதே கெயின். இந்தக் கெயின் 2ζω-ஐத் தாண்டினால் அதிர்வு அடங்காது. தணிப்பு விகிதம் ζ இங்கே 0.1 போலச் சிறியது, ஏனென்றால் நல்ல வால்வில் கசிவு குறைவு. தணிப்பு மாறவில்லை என்று வைத்தால் நடுவில் வரம்பு 63, அந்த 5 செ.மீ. இடத்தில் 73. யாரோ கெயினை 68-இல் வைத்திருந்தால் நடுவில் உறுமும், ஓரத்தில் அமைதி.

காரணம் எண்ணெய்தானா என்று பார்க்கச் சுமையை மாற்றுங்கள். அதிர்வெண்ணும் கூடவே மாறினால் சந்தேகம் வலுக்கிறது. பிஸ்டனில் சின்ன ஓட்டை போட்டுத் தணிப்பைக் கூட்டுவது பழைய வைத்தியம், ஆனால் பம்பின் சக்தி வீணாகும். அழுத்த வேறுபாட்டை அளந்து, அதன் மாற்றத்தை மட்டும் வால்வுக்குத் திருப்பி அனுப்புவது எனக்குப் பிடித்த வழி. இரண்டும் முடியாதென்றால், பிஸ்டனை நடுவில் நிறுத்தி, கெயினை 30 பக்கம் இறக்கிவிடுங்கள்.