'நாயே' எப்போது வசவு?

சென்னையில் தெருநாய் என்ற பேச்சு எழுந்தாலே வாக்குவாதம்தான். எங்கள் பகுதிக் குடியிருப்போர் செயலியில் வரும் பதிவுகளில் எது விதியை மீறுகிறது என்று குறியிடும் வேலையில் நானும் இருக்கிறேன். முதல் சலிப்பை இயந்திரம் செய்யும், சந்தேகமானவை எங்களிடம் வரும். இந்த மூன்று வரிகளைப் பாருங்கள்.

"காவலுக்கு வளர்த்த நாயே கடிச்சிருச்சு."
"போடா நாயே, உனக்கு என்ன தெரியும்?"
"நாளைக்குக் காலைல வாக்கிங் வருவல்ல, வா. திரும்பிப் போக மாட்ட."

கெட்ட வார்த்தைப் பட்டியலை மட்டும் வைத்துத் தேடினால் முதல் இரண்டும் மாட்டும், மூன்றாவது தப்பிக்கும். ஆனால் முதல் வரியில் குற்றமே இல்லை. அங்கே 'நாய்' என்பதோடு சேர்ந்த ஏகாரம் அழுத்தத்துக்காக வந்தது, இலக்கணத்தில் தேற்றேகாரம் என்போம். இரண்டாவது வரியில் அதே ஏகாரம் விளி வேற்றுமை, எதிரே இருப்பவரை அப்படிக் கூப்பிடுவது. எழுத்து ஒன்றுதான், வேலை வேறு. அதனால் இயந்திரம் சொல்லைத் தனியாகப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்துப் பார்க்கக் கற்க வேண்டும். 'போடா', 'உனக்கு' போன்றவை கூட வந்தால் அது விளி. 'கடிச்சிருச்சு' என்ற வினை வந்தால் அந்த நாய் எழுவாய். மனிதர்கள் முன்பே குறியிட்டுக் கொடுத்த ஆயிரக்கணக்கான வரிகளிலிருந்து இந்தச் சேர்க்கைகளை அது பிடித்துக்கொள்கிறது.

இன்னொரு சிக்கல், பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவது. naaye, naye, naaayee என்று ஆளுக்கு ஒரு விதம். இதற்காகச் சொல்லை மூன்று மூன்று எழுத்தாக நறுக்கிப் பார்க்கும் முறை ஒன்று உண்டு. மூன்று வடிவங்களிலும் aye என்ற துண்டு இருப்பதால், முன்பு பார்க்காத எழுத்துக்கூட்டலையும் ஓரளவு அடையாளம் காண முடியும்.

சரி, மூன்றாவது வரிக்கு வருவோம். அதில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை, ஆனால் மூன்றிலும் ஆபத்தானது அதுதான். நேரம் இருக்கிறது, எதிராளியின் பழக்கம் தெரிந்திருக்கிறது. இயந்திரம் அதற்கு இப்படிக் குறி போடுகிறது:

```
{"category": "threat", "severity": 4,
 "rule": "3.1", "score": 0.62}
```

வகை மிரட்டல், கடுமை நான்குக்கு நான்கு, மீறப்பட்ட விதி 3.1. 'போடா நாயே'வுக்கு வகை வசவு, கடுமை 2, தனிநபர் வசவுக்கான விதி 2.1, மதிப்பெண் 0.97. இங்கேதான் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். 0.97 பெரிய எண் என்பதால் அதுதான் பெரிய குற்றம் என்று நினைத்து அதை முதலில் எடுப்பார்கள். அந்த மதிப்பெண் குற்றத்தின் அளவு இல்லை, தன் முடிவில் இயந்திரத்துக்கு இருக்கும் உறுதி. சரியாக அளவு திருத்தப்பட்ட இயந்திரம் 0.62 என்றால், அந்த மதிப்பெண் பெற்ற 100 வரிகளில் ஏறக்குறைய 62 உண்மையிலேயே மிரட்டலாக இருக்கும். மீதி 38 விளையாட்டுப் பேச்சாக இருக்கலாம். அதற்காக அந்த 62-ஐ விட்டுவிட முடியுமா? எனவே கடுமை கூடக் கூட, வரம்பைக் கீழே இறக்குகிறோம். வசவு 0.9 தாண்டினால்தான் தானாக மறையும். மிரட்டலோ 0.3 தாண்டினாலே ஒரு மனிதர் உடனே படித்தாக வேண்டும். கூடுதலாகப் படிப்பது எங்களுக்கு வேலைதான், ஆனால் ஒரு நிஜ மிரட்டலைத் தவறவிடுவதோடு அதை ஒப்பிடவே கூடாது.

விதி எண்ணை எதற்குத் தனியாகக் குறிக்க வேண்டும், வகை போதாதா என்று எங்கள் குழுவிலேயே கேட்டார்கள். போதாது. ஒரு நாள் ஒரு பெண்மணியின் பதிவு மறைந்துபோனது. அவர் எழுதியது: "நேத்து லிஃப்ட்ல ஒருத்தர் என்னைப் பார்த்து 'போ நாயே'ன்னு திட்டினார்." திட்டு வாங்கியவரின் புகாரையே இயந்திரம் வசவாகப் படித்துவிட்டது. அவர் மேல்முறையீடு செய்தார், நாங்கள் பதிவைத் திரும்பக் கொண்டுவந்து மன்னிப்பும் கேட்டோம். அப்புறம், திரும்பக் கொண்டுவந்த எல்லாப் பதிவுகளையும் விதி எண்படி பிரித்துப் பார்த்தபோது 2.1-இன் கீழ் மட்டும் ஒரு குவியல் இருந்தது. பெரும்பாலானவை இதே மாதிரி மேற்கோள்கள். 'வசவு' என்ற வகையை மட்டும் எண்ணியிருந்தால் இது தெரிந்திருக்காது, ஏனென்றால் குழுக்களை இழிவுபடுத்தும் 2.2-ம் அதே வகைக்குள்தான் வருகிறது, அதில் சிக்கல் இல்லை.

பழுது விதியின் வாசகத்திலேயே இருந்தது. "இழிசொல் பயன்படுத்தக் கூடாது" என்றுதான் எழுதியிருந்தோம். அதன்படி பார்த்தால் பயிற்சிக்காகக் குறியிட்டவர்களில் சிலர் மேற்கோளையும் மீறலாகக் குறித்தது சரிதான். அதை "எதிரே இருப்பவரை இழிசொல்லால் அழைக்கக் கூடாது, பிறர் சொன்னதை எடுத்துச் சொல்வது மீறலாகாது" என்று மாற்றி, பழைய வரிகளில் '-ன்னு', 'என்று' வருகிறவற்றை எடுத்து ஒவ்வொன்றாக மறுபடி குறியிட உட்கார்ந்தோம்.