அறுப்புக் கூலியில் நெல்லும் பணமும்: எதை எப்படிக் கணக்கிடுவது?

டெல்டா மாவட்டங்களில் நெல் அறுவடையைப் பெரும்பாலும் இயந்திரங்களே செய்கின்றன. ஆனாலும் மழையில் பயிர் சாய்ந்து இயந்திரம் இறங்க முடியாத வயல்களில் இன்றும் ஆட்கள்தான் அறுக்கிறார்கள். அங்கே கூலியின் ஒரு பகுதியைப் பணமாகவும் மீதியை நெல்லாகவும் பேசிக்கொள்வது உண்டு. அப்படிப் பேசும்போது, நெல் தனக்கு எவ்வளவு பெறும் என்பதோடு, சட்டம் அதில் எவ்வளவைக் கூலியாக ஏற்கிறது என்பதையும் தொழிலாளி தனியாகப் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணத்தில் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆறு நாள் அறுப்புக்கு ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 250 ரூபாயும் 8 கிலோ நெல்லும் தருவதாக ஒரு நிலக்காரர் சொல்கிறார். இன்னொருவர் நெல் இல்லாமல் 400 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். இரண்டாமவரிடம் மொத்தம் 2,400 ரூபாய் கிடைக்கும். முதலாமவரிடம் 1,500 ரூபாயும் 48 கிலோ நெல்லும் கிடைக்கும். 2025-26 பருவத்தில் தமிழ்நாட்டில் சாதாரண ரக நெல்லின் கொள்முதல் விலை, மாநில ஊக்கத்தொகையையும் சேர்த்து, குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். அதன்படி நெல்லின் மதிப்பு 1,200 ரூபாய், மொத்தக் கூலி 2,700 ரூபாய் என்று வருவதால், முதல் பேச்சே லாபம் என்று தோன்றும்.

ஆனால் அந்த விலை அவருக்குக் கிடைக்காது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போடச் சிட்டாவும் அடங்கலும் கேட்பார்கள். நிலமில்லாத தொழிலாளியிடம் அவை இருப்பதில்லை. ஈரப்பதமும் பொதுவாக 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். களத்திலிருந்து அப்படியே வரும் நெல் 22 சதவீத ஈரத்தில் இருந்தால், 17 சதவீதத்துக்குக் காயும்போது 48 கிலோ சுமார் 45 கிலோவாகக் குறையும். நெல்மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தாலே ஈரம் ஓரளவு தெரிந்துவிடும்: காய்ந்த மணி படக்கென்று உடையும், ஈரமணி நசுங்கும். வியாபாரி அந்த ஈரநெல்லைக் கிலோ 18 ரூபாய்க்கு எடுத்தால் 864 ரூபாய்தான் கையில் வரும். மொத்தக் கூலி 2,364 ரூபாயாகி, பணக்கூலியை விடக் குறைந்துவிடும்.

விற்காமல் வீட்டுக்கு எடுத்துக்கொண்டால் கணக்கு வேறு. காயவைத்து அரைத்தால் ஏறக்குறைய 29 கிலோ அரிசி தேறும். அதைக் கடையில் கிலோ 45 ரூபாய்க்கு வாங்க வேண்டியிருந்திருந்தால், அவிக்கவும் அரைக்கவும் ஆகும் செலவாக 150 ரூபாயைக் கழித்த பிறகும் 1,155 ரூபாய் மிச்சமாகும். ஆனால் ரேஷன் அரிசியே போதுமான வீட்டில் அந்தச் செலவே இருந்திருக்காது என்பதால், மிச்சமும் இராது. ஆகவே நெல்லுக்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே மதிப்பு கிடையாது. அந்த வீடு அதை என்ன செய்யப்போகிறது என்பதைப் பொறுத்தே அது அமைகிறது.

நெல்லை மரக்கால் கணக்கில் பேசாமல் கிலோவில் பேசுவது நல்லது, ஏனெனில் மரக்காலின் கொள்ளளவு ஊருக்கு ஊர் மாறும். தூற்றிய நெல்லா, பதரும் கருக்காயும் கலந்ததா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். தூற்றாத நெல்லில் ஒரு மூட்டைக்கு எவ்வளவு குறையும் என்று களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், குறைந்தபட்சக் கூலியைப் பணமாகவே தர வேண்டும் என்றும், பொருளாகக் கொடுப்பது வழக்கமாக உள்ள இடத்தில் அரசு அறிவிக்கை வெளியிட்டு அதை அனுமதிக்கலாம் என்றும் கூறியது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பில், ஊதியத்துக்குப் பதிலாகத் தரும் பொருளின் மதிப்பு, தரவேண்டிய மொத்த ஊதியத்தில் 15 சதவீதம் வரை மட்டுமே ஊதியமாகக் கருதப்படும்.

நம் உதாரணத்தில் கொள்முதல் விலையையே வைத்துக்கொண்டாலும், 2,700 ரூபாயில் 15 சதவீதம் 405 ரூபாய்தான். பணத்தோடு சேர்த்து ஊதியமாக நிற்பது 1,905 ரூபாய். அறிவிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 430 ரூபாய் என்று கணக்குக்காக வைத்தால், ஆறு நாளுக்கு 2,580 ரூபாய் வர வேண்டும். 675 ரூபாய் குறைகிறது. அதாவது, நாளுக்கு 450 ரூபாய் பெறுமான கூலி என்று களத்தில் பேசியதே சட்டக் கணக்கில் 430 ரூபாயைக்கூட எட்டவில்லை. நடப்பிலுள்ள உண்மையான விகிதத்தைத் தொழிலாளர் துறையின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இப்படிக் குறைவாகத் தரப்பட்ட கூலியின் மீதியைக் கேட்டு, அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் மூன்று ஆண்டுகளுக்குள் மனுக் கொடுக்கலாம். தொழிலாளியின் சார்பில் தொழிற்சங்கமும் கொடுக்கலாம். தர வேண்டிய தொகையோடு, அதைப்போல் பத்து மடங்கு வரை இழப்பீடு வழங்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. கூலியைக் கொடுத்துவிட்டதாக நிரூபிக்கும் பொறுப்பு நிலக்காரரையே சேரும். விவசாய வேலைக்கு ஐந்து பேருக்கு மேல் வைக்காதவர் பதிவேடு வைக்க வேண்டியதில்லை என்பதால், எந்த நாளில் எத்தனை கிலோ வாங்கினோம், பணம் எவ்வளவு என்பதை ஒரு நோட்டில் அன்றன்றே எழுதி, கூட வேலை செய்த ஒருவரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது அவசியம்.