‘பாத்துக்கணும்’ என்றால் யார் பார்த்துக்கொள்வது?

மதுரை வில்லாபுரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். வீட்டில் இருந்தபடியே சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறார். அக்கம்பக்கத்துப் பெண்கள் முடிச்சுப் போட்டுக் கொடுக்கும் சேலைகளைச் சாயப்பட்டறைக்கு அனுப்புவார். சாயம் ஏறிக் காய்ந்து வந்ததும் முடிச்சுகளைப் பிரித்து விற்பார். பட்டறைக்காரருக்கு அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி இது:

“அண்ணே, முடிச்சு போட்ட சேலை முப்பதும் நாளைக்கு வந்துரும். போன தடவை மாதிரி ஆகாம பாத்துக்கணும். மெரூன் பழைய கலரே போடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்.”

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: “நம்ம வேலை பிடிக்கலைன்னா வேற பட்டறை பாத்துக்கம்மா.”

வாசகியின் கேள்வி: “அனுப்பும் முன் ரெண்டு தடவை படித்துப் பார்த்தேன். தப்பாக ஒன்றுமே தெரியவில்லை. வாங்குகிறவர் இடத்தில் இருந்து படித்துப் பார் என்கிறார்கள். அதை எப்படித்தான் செய்வது?”

அருமையான கேள்வி. செய்தியை இங்கே பயன்படுத்திக்கொள்ள அவரே அனுமதியும் கொடுத்திருக்கிறார்.

முதலில், இரண்டு தடவை படித்தும் ஏன் தெரியவில்லை என்று பார்ப்போம். 1990-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். தெரிந்த பாட்டின் தாளத்தை ஒருவர் மேசையில் விரலால் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டவை மூன்றே மூன்று. தட்டுகிறவருக்கு மனதுக்குள் மெட்டும் வரிகளும் சேர்ந்தே ஓடுகின்றன, எதிராளிக்குக் கேட்பது டொக் டொக் சத்தம் மட்டும்தான்.

எழுத்திலும் இதுதான் நடக்கிறது என்பதை ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி முதலான உளவியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். சில வாக்கியங்களை உண்மையாகவும் சிலவற்றைக் கிண்டலாகவும் சொல்லவேண்டும். ஒரு சாரார் மின்னஞ்சலில் எழுதினார்கள், இன்னொரு சாரார் குரலில் சொன்னார்கள். எதிராளி நூற்றுக்கு 78 தடவை சரியாகப் புரிந்துகொள்வார் என்று இரு சாராருமே எதிர்பார்த்தார்கள். குரலில் சொன்னபோது 73 தடவை சரியாகப் போய்ச் சேர்ந்தது. எழுத்தில் 56 தடவைதான். கிண்டலா, உண்மையா என்று இரண்டே வாய்ப்பு இருக்கும்போது 56 என்பது காசைச் சுண்டிப் பார்ப்பதற்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். குரல் போய்விட்டது என்பது எழுதியவர்களுக்கு உறைக்கவே இல்லை. அவர்கள் காதில் அது கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

மௌனமாகப் படிக்கும்போதும் மனம் ஏற்ற இறக்கத்தோடுதான் படிக்கிறது. எந்தச் சொல்லில் அழுத்தம், எங்கே நிறுத்தம் என்பதை மனமே போட்டுக்கொள்கிறது. எழுதியவர் தன் வரியைப் படிக்கும்போது அந்த ஓசை அவருடைய நினைவிலிருந்து வருகிறது. வாங்குகிறவருக்கோ அன்றைய மனநிலையிலிருந்தும், உங்களோடு கடைசியாக நடந்த பேச்சிலிருந்தும் வருகிறது. அதனால் எத்தனை முறை படித்தாலும் வாசகி தன் குரலைத்தான் கேட்டிருப்பார்.

சரி, இப்போது அந்த இரண்டாவது வரிக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தமிழில் எழுவாயைச் சொல்லாமல் விடுவது சாதாரணம். ‘வந்தேன்’ என்றால் நான், ‘வந்தீர்கள்’ என்றால் நீங்கள். வினையின் வாலிலேயே ஆள் இருக்கிறார் என்பதால் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வால் இல்லாத வினைகளும் நம்மிடம் உண்டு. வேண்டும், கூடாது, முடியாது, செய்யலாம். இவை நானுக்கும் நீக்கும் அவருக்கும் ஒரே மாதிரிதான் வரும். ‘நான் போக வேண்டும்’, ‘நீங்கள் போக வேண்டும்’ என்ற இரண்டிலும் எழுவாயை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரே ‘போக வேண்டும்’தான். பேச்சில் இது பிரச்சினையே ஆகாது. கையை நெஞ்சில் வைத்துச் சொல்கிறோமா, விரலை நீட்டிச் சொல்கிறோமா என்று எதிரில் இருப்பவர் பார்த்துக்கொள்வார். எழுத்தில் கையும் இல்லை, விரலும் இல்லை. எழுவாயை விட்டுப் பழகிய நம் கை இங்கேயும் விட்டுவிடுகிறது. காலியான அந்த இடத்தில் படிப்பவர் ஒரு ஆளைப் போட்டுக்கொள்கிறார். கோரிக்கையும் வேலையும் நிறைந்த ஒரு செய்தியில் அவர் பெரும்பாலும் தன்னையேதான் போட்டுக்கொள்வார்.

வாசகி நினைத்தது என்ன? போன தடவை மழையில் முடிச்சு வேலை தாமதமாகி, சேலைகள் பட்டறைக்குச் சாயங்காலம்தான் போய்ச் சேர்ந்தன. அண்ணன் ராத்திரி உட்கார்ந்து சாயம் போட வேண்டியதாயிற்று. அந்தச் சங்கடத்தில்தான் ‘போன தடவை மாதிரி ஆகாம (நான்) பாத்துக்கணும்’ என்று எழுதினார். அது கிட்டத்தட்ட ஒரு மன்னிப்பு. பட்டறைக்காரர் அதில் ‘நீங்க’ என்று போட்டுப் படித்தார். மன்னிப்பு அதட்டலாகிவிட்டது.

ஒரு வரி அதட்டலாகிவிட்டால் அடுத்த வரியும் அதே தொனியில்தான் கேட்கும். ‘பழைய கலரே’ என்பதில் உள்ள ஏகாரத்தைப் பாருங்கள். ‘போன தடவை போட்டது நன்றாக இருந்தது, அதையே போடுங்கள்’ என்பது வாசகியின் மனதில் இருந்த பொருள். ‘போன தடவை போட்டது சரியில்லை, அதற்கு முந்தின கலரைப் போடு’ என்றும் அதைப் படிக்கலாம். பழையது என்பதற்கு எது புதியது என்று தெரிந்தால்தானே பொருள்? ‘வெள்ளிக்கிழமைக்குள்ள’ என்பதும் அப்படித்தான். வெள்ளி சாயங்காலம் வந்தால் போதும் என்று வாசகி நினைத்தார். வியாழன் ராத்திரியே முடிக்க வேண்டும் என்று பட்டறைக்காரர் எடுத்துக்கொண்டார்.

இதை அனுப்பும் முன்பே எப்படிப் பிடிப்பது? க்ரூகர் குழுவின் இன்னொரு சோதனையில் வழி இருக்கிறது. எழுதியவர்களில் சிலரை, தாங்கள் நினைத்த தொனிக்கு நேர்மாறான தொனியில் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார்கள். கிண்டலாக எழுதியதை உண்மை போலவும், உண்மையாக எழுதியதைக் கிண்டல் போலவும் படித்தார்கள். ‘இது எப்படியும் புரிந்துவிடும்’ என்ற அளவுக்கு மீறிய நம்பிக்கை அவர்களிடம் குறைந்துவிட்டது. வாய்விட்டுப் படித்தது மட்டும் இதற்குக் காரணமில்லை. சொந்தத் தொனியிலேயே வாய்விட்டுப் படித்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. தவறான தொனி வேண்டும். அதுதான் மனதுக்குள் ஓடும் மெட்டைக் கலைக்கிறது.

தமிழுக்கு இதை நான் இப்படிச் செய்வேன். ஒவ்வொரு வரியாக எடுத்து, ஆள் இல்லாத ‘வேண்டும்’, ‘கூடாது’, ‘முடியாது’ வந்தால் அதன் முன்னால் ‘நீங்கள்’ அல்லது ‘உங்களால்’ என்று போட்டு, கோபமாக இருக்கும் ஒருவர் குரலில் முணுமுணுத்துப் பார்ப்பேன். பொருள் பொருந்தி வந்துவிட்டால் அந்த வரி ஆபத்தானது. பொருந்தாமல் தடுக்கினால் பயமில்லை. ‘நாளைக்கு மழை பெய்யக் கூடாது’ என்பதில் ‘நீங்கள்’ ஒட்டவே ஒட்டாது. ‘மறுபடி தாமதம் ஆகக் கூடாது’ என்பதற்கு முன்னால் ‘உங்களால்’ என்று போட்டால் கச்சிதமாக ஒட்டும். அங்கே ‘எங்கள் பக்கம்’ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். அப்புறம் ஏகாரம், ‘தான்’. ‘அன்றைக்கே சொன்னேனே’, ‘கேட்டுத்தான் செய்தேன்’ போன்ற வரிகளில் அவற்றை எடுத்துவிட்டுப் படிப்பேன். எடுத்த பிறகும் செய்தி முழுதாக இருந்தால் அவை செய்திக்காக வந்தவை அல்ல, தொனிக்காக வந்தவை. அந்தத் தொனி எந்தப் பக்கம் திரும்பும் என்பது என் கையில் இல்லை என்பதால் எடுத்தே விடுவேன்.

இங்கே மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் மேலே சொன்ன சோதனைகள் எல்லாம் ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் செய்யப்பட்டவை. ஏகாரமும் ஓகாரமும் ‘தான்’உம் ஒட்டி ஒட்டித் தொனியைச் சுமக்கும் நம் மொழியில் இதே சோதனை என்ன காட்டும்? இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை. நூறு மாணவர்கள், நாற்பது வாக்கியங்கள், ஓர் ஒலிப்பதிவு அறை போதும். நம் பல்கலைக்கழகங்களில் மொழியியலும் உளவியலும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை இது. தமிழின் பெருமைக்கு விழா எடுக்கச் செலவாகும் பணத்தில் ஒரு சிறு பங்கை, தமிழ் படிப்பவரின் தலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கக் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சரி, வாங்குகிறவர் இடத்தில் இருந்து படித்தால் எல்லாம் தெரிந்துவிடுமா? தெரியாது. டால் இயால், மேரி ஸ்டெஃபல், எப்லி ஆகியோர் 2018-இல் 25 சோதனைகளின் முடிவுகளை வெளியிட்டார்கள். இன்னொருவர் இடத்தில் தன்னை வைத்துக் கற்பனை செய்து பார்ப்பதால், அவர் மனதில் இருப்பதைக் கணிக்கும் திறமை கூடவில்லை. நேரில் கேட்டுத் தெரிந்துகொண்டபோதுதான் கூடியது. ஆக, தொனி மாற்றிப் படிப்பது என் வரியில் எத்தனை பொருள் இருக்கிறது என்று காட்டும். அவற்றில் எதை அவர் எடுப்பார், ஏன் எடுப்பார் என்பதைக் காட்டாது.

வாசகியின் கதையிலும் அப்படி ஒன்று இருந்தது. பிறகு அவர் பட்டறைக்காரரிடம் போனில் பேசியபோதுதான் தெரிந்தது. போன தடவை ராத்திரி வேலையில் இரண்டு சேலையில் சாயம் திட்டுத் திட்டாக ஏறிவிட்டது. பட்டறைக்காரர் யாரிடமும் சொல்லாமல் மறுபடி நனைத்துச் சரிசெய்து அனுப்பியிருக்கிறார். ‘போன தடவை மாதிரி’ என்று படித்ததும் அவர் நினைவுக்கு வந்தது அந்த இரண்டு சேலைதான். தெரிந்துபோய்விட்டது, அதைத்தான் குத்திக்காட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். வாசகி நூறு தடவை அவர் இடத்தில் இருந்து படித்திருந்தாலும் அது கிடைத்திருக்காது.

வாசகியும் நானுமாக உட்கார்ந்து அந்தச் செய்தியைத் திருத்தி எழுதிப் பார்த்தோம்:

“அண்ணே, முடிச்சு போட்ட சேலை முப்பதும் நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள கொண்டுவந்துருவோம். போன தடவை நாங்க லேட்டா தந்ததால நீங்க ராத்திரி முழிக்க வேண்டியதாப் போச்சு, இந்தத் தடவை அப்படி ஆகாம நான் பாத்துக்கறேன். போன தடவை போட்ட மெரூன் நல்லா இருந்துச்சு, இதுக்கும் அதே போடுங்க. வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கலாமா? போன தடவை வேலைல வேற ஏதாச்சும் சிரமம் இருந்துச்சான்னும் சொல்லுங்கண்ணே.”

‘பாத்துக்கணும்’ இருந்த இடத்தில் இப்போது ‘பாத்துக்கறேன்’. வினைக்கு வால் வந்துவிட்டது. கடைசிக் கேள்வியைச் சேர்க்கச் சொன்னது நான். அந்த இரண்டு சேலையைப் பற்றி அவர் சொல்வதற்கு அதில் இடம் இருக்கிறது.