ராணியோடு பிணைபட்ட குதிரை: உடைப்பதா, அழுத்துவதா?

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கத்துப் பாடசாலைப் பிள்ளைகளின் ஸ்கோர் ஷீட்களைப் பார்க்கிற பயிற்றுநர்களுக்கு ஒரு காட்சி பழகிப்போயிருக்கும். வெள்ளை பிஷப் g5க்கு வருகிறது. f6இல் கறுப்புக் குதிரை, அதற்குப் பின்னால் d8இல் ராணி. பிள்ளைகள் 'பின்' என்று சொல்லும் பிணைப்பு இது. இதற்கு அடுத்த இரண்டு நகர்த்தல்களில்தான் பல ஆட்டங்கள் சாய்கின்றன. பிணைத்தவர் பிஷப்பை வைத்ததோடு வேலை முடிந்ததென்று வேறு பக்கம் போய்விடுகிறார். பிணைபட்டவரோ யோசிக்காமல் h6, g5 என்று சிப்பாய்களைத் தள்ளுகிறார், அல்லது ஒன்றுமே நடக்காததுபோல் காஸ்லிங் செய்கிறார்.

இத்தாலிய ஆரம்பத்தில் அடிக்கடி வரும் ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். பலகையில் வைத்துப் பார்த்தால் நல்லது.

```
1.e4 e5 2.Nf3 Nc6 3.Bc4 Bc5
4.d3 Nf6 5.Nc3 d6 6.Bg5 O-O
```

கறுப்பின் காஸ்லிங் பார்வைக்குப் பாதுகாப்பான நகர்த்தல். ஆனால் இப்போது வெள்ளையின் முறை. 7.Nd5 என்று c3 குதிரை பாய்கிறது. f6ஐத் தாக்குபவை இரண்டு: பிஷப்பும் குதிரையும். காப்பவை எத்தனை என்று கேட்டால் பிள்ளைகள் உடனே "ரெண்டு, g7 சிப்பாயும் ராணியும்" என்பார்கள். தவறு இங்கேதான் நடக்கிறது. இந்தக் கணக்கில் ராணியைச் சேர்க்கக் கூடாது. வெள்ளை Nxf6+ என்று வெட்டும்போது ராணி திருப்பி வெட்டினால், பிஷப் ராணியை வெட்டும், பிறகு g7 சிப்பாய் பிஷப்பை வெட்டும். கறுப்புக்குப் போனது குதிரையும் ராணியும், கிடைத்தது குதிரையும் பிஷப்பும். ராணிக்கு 9, பிஷப்புக்கு 3 என்று வைத்தால் 6 புள்ளி நட்டம். ஆகவே f6க்கு உண்மையான காவல் g7 சிப்பாய் ஒன்றுதான். அது வெட்டினால் ராஜாவின் முன்வாசல் திறந்துவிடும்.

7.Nd5க்குப் பிறகு கறுப்பு என்ன செய்யலாம்? அநேகர் 7...h6 என்று பிஷப்பை விரட்டப் பார்ப்பார்கள். நேரம் கடந்துவிட்டது. 8.Nxf6+ gxf6 9.Bxh6 என்றால் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் இலாபம், பிஷப் f8 கோட்டையையும் தாக்குகிறது, ராஜாவைச் சுற்றி ஒன்றும் மிச்சமில்லை. 7...Be6 என்று காயை வெளியே எடுத்தால் 8.Nxf6+ gxf6 9.Bh6 Re8 10.Nh4, அடுத்து ராணி h5க்கு வருகிறது. இதில் வெள்ளைக்குக் காய் இலாபம் கிடையாது. அழுத்தியதன் பலன் உடைந்த ராஜா பக்கம். காயை வெல்ல முடியாது என்று தெரிந்ததும் சிலர் அழுத்துவதை விட்டுவிடுகிறார்கள். எங்கள் பார்வையில் அது அவசரம். g7 சிப்பாய் f6க்கு இழுபட்டதே போதுமான கூலி.

பிஷப்பை e7இல் நிறுத்திப் பிணைப்பை அவிழ்க்கலாமே என்றால், இங்கே அதுவும் முடியாது. c5இலிருந்த பிஷப் பின்வாங்கும் வழியை d6 சிப்பாய் அடைத்து நிற்கிறது.

இதே கறுப்பு ஆறாவது நகர்த்தலில் காஸ்லிங் செய்யாமல் 6...h6 என்று பிஷப்பைக் கேட்டிருந்தால் கதை வேறு. 7.Bxf6 Qxf6 8.Nd5 வந்தால் ராணி d8க்குத் திரும்பி c7ஐக் காக்க வேண்டும். அதை மறந்தால் Nxc7+ ராஜாவையும் a8 கோட்டையையும் சேர்த்துத் தாக்கும். காத்துவிட்டால் கறுப்புக்கு இரண்டு பிஷப்பும் மிச்சம், குறை சொல்ல ஒன்றுமில்லை. 7.Bh4 என்று பிணைப்பை வைத்துக்கொண்டால் அப்போது 7...g5 தைரியமாகப் போடலாம். 8.Nxg5 hxg5 9.Bxg5 என்று வெள்ளை ஒரு குதிரைக்கு இரண்டு சிப்பாய் எடுத்தாலும், புள்ளிக் கணக்கில் கறுப்புதான் முன்னே. ராஜா e8இல் இருப்பதால் திறந்த g, h வரிசைகளால் அதற்கு உடனடி ஆபத்தில்லை. h வரிசை h8 கோட்டைக்கே பாதையாகிறது. காஸ்லிங் முடித்து ராஜா g8இல் இருக்கும்போது இதே g5ஐத் தள்ளினால், அந்தக் குதிரைத் தியாகத்தின் பின் ராஜா வெட்டவெளியில் நிற்கும். பெரும்பாலும் தாங்காது.

எனவே g5 போடுவதற்கு முன் பார்க்க வேண்டியது இரண்டு ராஜாக்களும் எங்கே என்பதைத்தான். எதிராளி ராஜா பக்கம் காஸ்லிங் செய்து, நாம் செய்யாதிருந்தால் உடைப்பது வெறும் தற்காப்பு அல்ல, தாக்குதலாகவே மாறும். 1874இல் க்னோரே என்பவருக்கு எதிராக ரஷ்ய ஆட்டக்காரர் சிகோரின் கறுப்பில் ஆடிய ஆட்டம் இதற்குப் பெயர் போனது:

```
1.e4 e5 2.Nf3 Nc6 3.Bc4 Bc5 4.O-O Nf6
5.d3 d6 6.Bg5 h6 7.Bh4 g5 8.Bg3 h5
9.Nxg5 h4 10.Nxf7 hxg3 11.Nxd8 Bg4
12.Qd2 Nd4 13.Nc3 Nf3+ 14.gxf3 Bxf3
```

பத்தாவது நகர்த்தலில் குதிரை d8 ராணியையும் h8 கோட்டையையும் ஒன்றாகத் தாக்குகிறது. சிகோரின் ராணியைப் பற்றிக் கவலைப்படாமல் hxg3 என்று வெட்டினார். முடிவில் gxh2 மேட் வருகிறது. அதைத் தடுக்க வெள்ளை hxg3 போட்டால் Rh1 மேட். பிணைத்த பிஷப் g3க்குத் துரத்தப்பட்டு, அங்கேயே விழுந்து, கறுப்புக் கோட்டைக்கு h வரிசையைத் திறந்துவிட்டது. 4.O-O போட்ட பிறகு 6.Bg5 ஏன் அபாயமென்று கேட்கிறவர்களுக்கு இந்த ஆட்டத்தைப் பலகையில் ஓட்டிக் காட்டினால் போதும்.

பிணைப்பவர் பக்கம் திரும்பினால், இரண்டாவது தாக்குதல் காய் எத்தனை நகர்த்தலில் வரும் என்பதுதான் முதல் கேள்வி. Nd5 போல ஒரே நகர்த்தலில் வந்து, எதிராளிக்கு h6 கேட்கவும் நேரமில்லையென்றால் அழுத்துங்கள். இரண்டு மூன்று நகர்த்தல் ஆகுமென்றால் எதிராளி அதற்குள் அவிழ்த்துவிடுவார். அப்போது பிஷப்பைக் குதிரைக்கு மாற்றுவதா, பின்வாங்குவதா என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும்.

அழுத்துகிறபோது இன்னொரு பொறியும் உண்டு. ராஜாவோடு பிணைபட்ட காய் சட்டப்படியே நகர முடியாது. ராணியோடு பிணைபட்ட காய் நகரலாம், விலை மட்டும்தான் கேள்வி. மறுக்கப்பட்ட ராணி கேம்பிட் ஆரம்பத்தில் 1.d4 d5 2.c4 e6 3.Nc3 Nf6 4.Bg5 Nbd7 5.cxd5 exd5 ஆன பிறகு, f6 குதிரை பிணைபட்டிருக்கிறதென்று நம்பி வெள்ளை 6.Nxd5 என்று சிப்பாயை எடுக்கும். குதிரை 6...Nxd5 என்று துணிந்து வெட்டும். 7.Bxd8 என்று ராணியை எடுத்ததும் 7...Bb4+ வருகிறது. வெள்ளைக்கு ராணியைக் குறுக்கே போடுவதைத் தவிர வழியில்லை: 8.Qd2 Bxd2+ 9.Kxd2 Kxd8. கணக்குப் பார்த்தால் ராணிக்கு ராணி, பிஷப்புக்கு பிஷப் சரியாகிவிட்டது. வெள்ளை ஒரு சிப்பாய்க்காக ஒரு குதிரையைக் கொடுத்திருக்கிறது. பிணைபட்ட காயை அசையாக் காய் என்று எழுதிவிடுவதற்கு முன், அது நகர்ந்தால் ராஜாவுக்குச் செக் வைக்கக்கூடிய கறுப்புக் காய் ஏதாவது பக்கத்தில் காத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே அது f8இலிருந்த பிஷப்.