பேங்க் ஆப் ஏறலையா? புது போன் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

பட்டர்வொர்த்துல போன் ரிப்பேர் கடை வச்சிருக்கேன். எஸ்எம்எஸ்ல கோடு அனுப்புறதை விட்டுட்டு வேற பாதுகாப்பான முறைக்கு மாறணும்னு 2022ல பேங்க் நெகாரா சொன்னதுக்கு அப்புறம், பேங்குங்க அந்த ஒப்புதலை ஆப்லயே கேக்குறாங்க, அதனால பேங்க் ஆப் ஏற மாட்டேங்குதுன்னு வர்றவங்க ரொம்ப பேரு.

போன வாரம் பிறையில இருந்து ஒரு அக்கா 16 ஜிபி போனோட வந்தாங்க. மிச்சம் 240 எம்பி. "ஆப் 150 எம்பிதானே தம்பி, ஏன் இடமில்லைன்னு காட்டுது?" பிளே ஸ்டோர்ல தெரியுறது டவுன்லோடு அளவு மட்டும்தான், அதை விரிச்சு ஏத்துறதுக்கு அதைவிட நிறைய இடம் கேக்கும், அதனால நான் குறைஞ்சது மூணு மடங்காவது காலி பண்ணிட்டுத்தான் ஆரம்பிப்பேன்.

ஏற்கனவே நிறைய போட்டோ அழிச்சிருந்தாங்க, ஆனா இடம் கூடல. ஏன்னா அழிச்சது எல்லாம் கூகுள் போட்டோஸோட குப்பைத்தொட்டியில அப்படியே கிடந்துச்சு, அங்க ஒரு மாசம் ரெண்டு மாசம் கூட கிடக்கும். அதைக் காலி பண்ணதும் 400 எம்பி வந்துச்சு.

அடுத்து செட்டிங்ஸ்ல ஆப்ஸ் போய் பேஸ்புக்கைத் திறந்தா மொத்தம் 1.4 ஜிபி, அதுல கேஷ், அதாவது ஆப் தற்காலிகமா சேத்து வைக்கிற ஃபைலுங்க மட்டும் 470 எம்பி. Clear cache அழுத்துனா அது போயிடும், ஒண்ணும் அழியாது, ஆனா தொடர்ந்து பாத்தீங்கன்னா சில நாள்லயே திரும்ப நிறைஞ்சிடும். நிரந்தரமா இடம் வேணும்னா பேஸ்புக்கையே எடுத்துட்டு பேஸ்புக் லைட் போடணும், பதிவு போட்டோ எல்லாம் அவங்க சர்வர்லதான் இருக்கு, எதுவும் போகாது.

எடுக்குறதுக்கு முன்னாடி பாஸ்வேர்டு தெரியுமான்னு கேட்டேன், தெரியல. பதிவாயிருந்த நம்பரும் பழசு. நல்லவேளை அந்த சிம் மகன்கிட்ட இருந்துச்சு, அவருக்கு போன் போட்டு கோடு வாங்கி புது பாஸ்வேர்டு வச்சுட்டுத்தான் அன்இன்ஸ்டால் பண்ணேன். சில போன்ல பேஸ்புக் கம்பெனியிலயே ஏத்தி வரும், Uninstall இருக்காது, அங்க Disable பண்ணுங்க, அப்டேட் ஏறின இடம் திரும்பக் கிடைக்கும். மெசெஞ்சர் லைட்டைத் தேடாதீங்க, அதை 2023லயே நிறுத்திட்டாங்க. வெளி லிங்க்ல ஆப் ஏத்துற ஏபிகே ஃபைல் கிடைச்சாலும் தொடாதீங்க, இங்க பேங்க் காசு பறிபோறது நிறைய அந்த வழியிலதான்.

இன்னொண்ணு. Clear cache பக்கத்துலயே Clear data இல்லன்னா Clear storageனு ஒரு பட்டன் இருக்கும். வாட்ஸ்அப்ல அதை அழுத்துனா பேக்கப் இல்லாத சாட் எல்லாம் போச்சு. பேங்க் ஆப்ல அழுத்துனா போனை மறுபடி முதல்ல இருந்து பதிவு பண்ணணும்.

அக்காவுக்கு கடைசியில 2 ஜிபி கிட்ட காலியாச்சு, ஆப்பும் ஏறிடுச்சு. ஆனா புதுசா பதிவு பண்ற போனுக்கு கூலிங் ஆஃப் நேரம் உண்டு, அது முடியிற வரைக்கும் காசு அனுப்ப முடியாது. அதனால கடைசி நாள் வரைக்கும் இருக்காதீங்க, பில் கட்டணும்னா ஒரு நாள் முன்னாடியே ஆப்பை ஏத்திடுங்க.