குழிப்பாதம் அல்ல, உயர்வளைவுப் பாதம்

'குழிப்பாதம்' என்ற சொல் மூன்றாவது முறையாகக் காதில் விழுந்தபோதுதான் எழுதியே தீர்வது என்று முடிவு செய்தேன். மேலூர்ப் பக்கம் நடந்த ஒரு கால் மருத்துவ முகாமில் துண்டறிக்கை கொடுத்தார்கள். அதில் கொட்டை எழுத்தில் "குழிப்பாதம்: அறிகுறிகளும் தீர்வும்" என்று இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவர் அதை என்னிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, தன் காலைத் திருப்பிப் பார்த்தார். அவருக்குச் சர்க்கரை உண்டு. குழி என்றதும் புண் குழிவிழுந்த பாதம் என்றே எண்ணியிருக்கிறார். அவர் எண்ணியதில் பிழையே இல்லை. எழுதியவர் மேல்தான் பிழை.

சொல் வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கால் வளைவு அளவுக்கு மீறி உயர்ந்து நிற்கும் பாதத்தை மருத்துவர்கள் 'பெஸ் கேவஸ்' என்பார்கள். இரண்டும் லத்தீன். பெஸ் என்றால் பாதம். நம் வழக்கில் உள்ள வடசொல் பாதமும் இந்த பெஸ்ஸும் ஒரே வேரில் கிளைத்த தூரத்து உறவினர். கேவஸ் என்றால் உட்குடைவானது. அவ்வளவுதான் வரலாறு.

லத்தீன்காரன் பாதத்தைக் கீழிருந்து பார்த்துப் பெயர் வைத்தான். உள்ளங்காலில் குடைவு தெரிகிறது, ஆகவே குடைந்த பாதம். அதை அப்படியே அகராதியில் தேடிக் 'குழி' என்று பிடித்துக்கொண்டதுதான் நம் மொழிபெயர்ப்பாளர் செய்த வேலை. தமிழில் குழி என்பது எதையோ தோண்டி எடுத்த இடம், இருக்கவேண்டியது இல்லாமல் போன இடம். சாலையில் குழி, கன்னத்தில் குழி, வாழைக்கன்று வைக்கக் குழி. குழியைக் கண்டால் நம் கை என்ன செய்யும்? நிரப்பும். இந்தச் சொல்லின் தீமை அங்கேதான் தொடங்குகிறது. இந்தப் பாதத்தில் எதுவும் குறைந்துபோகவில்லை. எலும்புகள் அளவுக்கு மீறி உயர்ந்த வளைவாக அடுக்கிக்கொண்டு, அப்படியே விறைத்து நின்றுவிட்டன. நிரப்புவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

இது வெறும் சொற்சண்டை அல்ல என்பதற்கு என் அக்காள் மகன் சாட்சி. திருமங்கலத்தில் இருக்கிறான், வயது 19. பள்ளி நாளிலிருந்தே கால் மடங்கும். சமதரையில் நடக்கும்போதே கணுக்கால் வெளிப்பக்கமாகப் புரண்டுவிடும். சுளுக்கு எடுப்பவரிடம் போய் எண்ணெய் நீவிக்கொண்டு வருவான், இரண்டு மாதத்தில் மறுபடியும் புரளும். பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலின் அடியில் தொடங்கி நடுப்பாதம் வரை, தோல் காய்த்துத் தடித்திருக்கும். வீட்டில் எல்லோரும் அதைக் கால் ஆணி என்றோம். ஆணி வேறு, காய்ப்பு வேறு. ஆணி ஒரே புள்ளியில் உள்ளே இறங்கிக் குத்தும். காய்ப்பு, மண்வெட்டி பிடித்த உள்ளங்கை போல, சுமை விழும் இடம் முழுவதும் பரவித் தடிக்கும். உண்மையை முதலில் சொன்னவர் செருப்புத் தைப்பவர்தான். இரண்டு செருப்பிலும் குதிகாலின் வெளி ஓரம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருப்பதைக் காட்டி, தம்பி காலைச் சாய்த்து வைக்கிறான் என்றார்.

அதன் பிறகு எங்கோ 'குழிப்பாதம்' என்று படித்துவிட்டு, என் அக்காள் அவனைக் காலணிக் கடைக்கு அழைத்துப் போனாள். கடைக்காரரும் குழியை நிரப்பும் பொருளைத்தான் எடுத்துக் கொடுத்தார். உள்ளங்காலின் உட்பக்கம் மேடாக எழும்பிய, காலணிக்குள் வைக்கும் கெட்டியான ஒரு உள்பட்டை. அது தட்டைப் பாதக்காரருக்கு உரியது. அவர்களுக்குப் பாதம் உட்பக்கமாகச் சரியும், அந்த மேடு முட்டுக் கொடுக்கும். இவன் பாதமோ ஏற்கனவே வெளிப்பக்கமாகச் சாய்ந்து நிற்பது. உட்பக்கத்தை இன்னும் தூக்கினால் என்ன ஆகும்? மூன்று வாரத்தில் இரண்டு முறை கால் புரண்டது.

சரி, குழியை விட்டுவிட்டு வேறு என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். 'வளைபாதம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. இது குழியைவிட ஆபத்து. பிறக்கும்போதே பாதம் உள்ளும் கீழுமாகத் திரும்பியிருக்கும் குழந்தைகளுக்கு வாராவாரம் மாவுக்கட்டு மாற்றிப் போட்டுச் சரிசெய்கிறார்களே, அந்தக் குறைக்கு வளைபாதம் என்ற பெயர் வழக்கில் இருக்கிறது. இரண்டு நோய்க்கு ஒரே பெயர் வைத்தால் எதற்கும் பெயர் இல்லை என்றுதான் பொருள். தனித்தமிழ் அன்பர் ஒருவர், பாதம் வடசொல்லாயிற்றே, 'குழியடி' என்றால் என்ன என்று கேட்டார். எனக்குக் கோலிக்குண்டு விளையாட்டுதான் நினைவுக்கு வந்தது. திருவடி, அடிச்சுவடு எல்லாம் அழகான சொற்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் கால் வலியோடு வந்தவரிடம் அடி என்றால், எங்கே விழுந்து பட்டது என்றுதான் புரிந்துகொள்வார்.

எனக்கே ஆசை காட்டிய சொல் ஒன்று உண்டு: வில். நம் முன்னோர் வில்வண்டி என்று சொன்னது வில் வடிவத்துக்காக மட்டும் அல்ல, சுமையில் அமுங்கி எழுந்து குலுக்கலை வாங்கிக்கொள்ளும் குணத்துக்காகவும்தான். லாரிப் பட்டறையில் கமான் பட்டை என்பதும் அதே வில்தான், பாரசீகத்தில் கமான் என்றால் வில். ஆனால் புணர்த்தி எழுதினால் 'விற்பாதம்' என்று வரும், விற்பனைக்கு வைத்த பாதம் போல. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். பொருள் தலைகீழாவதைப் பொறுக்க முடியாது. வில் போன்றது நலமான பாதம். எடை விழும்போது அதன் வளைவு சற்றே தாழ்ந்து அதிர்ச்சியை உள்வாங்கும், எடை நீங்கியதும் எழும். நாம் பேசும் பாதம் நின்றாலும் உட்கார்ந்தாலும் ஒரே உயரத்தில் நிற்பது. திருமலை நாயக்கர் மகாலின் வளைவைப் போல, அழகாகத்தான் இருக்கும், அமுங்காது. அமுங்காத பாதம் எடை முழுவதையும் குதிகாலிலும் முன்பாதத்திலும் வெளி ஓரத்திலும் இறக்குகிறது. காய்ப்பு அதனால்தான்.

மகால் என்றதும்தான் சொல் கிடைத்தது. வாசலில் கட்டுவது வளைவு, தோரண வளைவு, அலங்கார வளைவு. மதுரைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆக, உயர்வளைவுப் பாதம். 'உயர்' என்பதை விட்டுவிடக்கூடாது, விட்டால் வளைபாதத்தோடு போய்க் கலந்துவிடும். தட்டைப் பாதம் என்ற நல்ல சொல் ஏற்கனவே வேரூன்றியிருக்கிறது, அதற்கு எதிர்நிலையாகவும் இது நிற்கும். ஈரக் காலோடு சிமெண்ட் தரையில் நடந்து பார்த்தால் இரண்டு சொல்லின் பொருளும் தெரிந்துவிடும். தட்டைப் பாதம் முழுதாகப் பதியும். உயர்வளைவுப் பாதம் குதிகால் ஒரு திட்டு, முன்பாதம் ஒரு திட்டு என்று பதியும், நடுவில் மெல்லிய கோடு இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும்.

அந்தத் துண்டறிக்கையில் இன்னொன்றும் இருந்தது. 'அடிக்கடி கணுக்கால் உருளல்'. உருளுவது பூசணிக்காய். கணுக்கால் புரளும், மடங்கும், பிசகும். இத்தனை வினைச்சொல்லை வைத்துக்கொண்டு உருளலைத் தேடிப் பிடிப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

காரணத்தைச் சொல்லும் இடத்தில் அந்த அறிக்கை 'பரம்பரை' என்று ஒரு சொல்லோடு நகர்ந்துவிட்டது. கூடாது. பலருக்கு இது குடும்ப வாகுதான், காரணம் என்று எதுவும் அகப்படாது. ஆனால் கணிசமானோருக்கு இது நரம்பு நோயின் வெளி முகம். அதில் முதலாவது ஷார்க்கோ-மரி-டூத் நோய். 1886இல் பாரிஸில் ஷார்க்கோவும் மரியும், அதே ஆண்டு இங்கிலாந்தில் டூத்தும் விவரித்தது. காலின் நீண்ட நரம்புகள் மெல்ல நலிய, சில தசைகள் முந்தித் தளர்கின்றன. பாதத்தை வெளிப்பக்கம் இழுக்கும் தசை தளர்ந்தால், உட்பக்கம் இழுக்கும் தசைக்குப் போட்டி இல்லை. குதிகால் உள்நோக்கித் திரும்புகிறது, சுமை பாதத்தின் வெளி ஓரத்துக்குப் போகிறது. முன்பாதத்தை மேலே தூக்கும் தசை தளர்ந்தால், பெருவிரலின் அடி எலும்பைக் கீழே அழுத்தும் தசை வெல்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் ஒரு பக்கம் ஆள் குறைந்த கதைதான். பாதம் வளைந்து உயர்வது அதன் விளைவு. ஒரு காலில் மட்டும் புதிதாக வளைவு ஏறிக்கொண்டே போனால் முதுகுத் தண்டைப் படம் எடுத்துப் பார்ப்பார்கள், அங்கே கட்டி போன்ற ஏதாவது இருக்கலாம்.

என் அக்காள் மகனை எலும்பு மருத்துவரிடம் காட்டியபோது, அவர் முதலில் பார்த்தது அவன் அம்மாவின் காலைத்தான். அவளுக்கும் வளைவு உயரம்தான். பிறகு அவனைக் குதிகாலால் நடக்கச் சொன்னார், கெண்டைக்கால் மெலிந்திருக்கிறதா என்று பார்த்தார், நரம்புச் சோதனைக்கு அனுப்பினார். சோதனையில் குறை இல்லை. அதன் பிறகு ஒரு மரக்கட்டை வந்தது, சுமார் 2.5 சென்டிமீட்டர் கனம். குதிகாலும் வெளி ஓரமும் கட்டையின் மேல், பெருவிரல் பக்கம் மட்டும் கட்டைக்கு வெளியே தொங்க, அவனை நிற்கச் சொன்னார். உள்ளே திரும்பியிருந்த குதிகால் நேராகிவிட்டது. அதாவது வளைவு விறைத்திருந்தாலும் குதிகால் மூட்டு இன்னும் இளகியே இருக்கிறது. குற்றவாளி, கீழே அழுந்தி நிற்கும் பெருவிரல் அடி எலும்பு. அது தரையை முதலில் முட்டுவதால்தான் பாதம் வெளியே சாய்கிறது. கட்டையின் மேலும் குதிகால் நேராகாமல் இருந்திருந்தால், உள்பட்டையால் திருத்த முடியாது, மெத்தை வைத்து வலியைக் குறைக்கலாம், மற்றபடி அறுவைச் சிகிச்சையைப் பற்றித்தான் பேசவேண்டும் என்றார்.

கடையில் வாங்கிய மேட்டுப் பட்டையைக் குப்பையில் போடச் சொன்னார். குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் மெத்தென்ற காலணி, பின்வார் இல்லாத செருப்பு வேண்டாம். விளையாடும்போது கணுக்கால் உறை. கெண்டைக்கால் தசையை நீட்டும் பயிற்சி, ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி. காய்ப்பை பிளேடால் சீவக்கூடாது. சுமை மாறாதவரை சீவினாலும் திரும்ப வரும். அந்தப் பாட்டியைப் போலச் சர்க்கரை உள்ளவர் சீவினால் புண்ணில்தான் முடியும்.

காலணி செய்பவருக்கு மருத்துவர் கொடுத்த சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்காக நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன்: "உயர்வளைவுப் பாதம். உள்பட்டை மெத்தென்று உள்ளங்கால் முழுவதும் தொடவேண்டும், உட்பக்கம் முட்டித் தூக்கக்கூடாது. வெளி ஓரம் 4 மில்லிமீட்டர் உயரட்டும். பெருவிரலின் அடிமேடு அமரும் இடத்தில் மட்டும் ஒரு குழி விடவும்." அவர் படித்துவிட்டு, குழியை எவ்வளவு ஆழம் விடவேண்டும் என்று மட்டும் கேட்டார்.